வேறு எலும்புப் பெயர்களும் வேறு உடல் அளவும் கொண்ட ரிக்கிற்கு ஒரு நடைக் கிளிப்பை மாற்றும்போது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு மனித உருவத்துக்கென்று பதிவான அசைவை இன்னொரு உருவத்துக்கு மாற்றும்போது தோன்றும் பிழைகள் திரையில் ஒன்றோடொன்று கலந்தே தெரியும். கை வயிற்றுக்குள் புகுந்திருக்கும், கால் தரையில் வழுக்கும், முதுகு பின்னால் வளையும். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எந்த அறிகுறி எந்தக் காரணத்தைக் காட்டுகிறது என்று பிரித்தறியாமல் ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் திருத்தத் தொடங்கினால், ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் சேர்த்துக்கொண்டே போவோம். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். கால் வழுக்குவது கண்ணை முதலில் உறுத்தும் என்றாலும், அதற்கு முந்தைய மூன்று நிலைகளும் சரியாகும் வரை அதைத் தொடுவதில் பயனில்லை.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வேலையை இறுதி வரை தொடர்கிறேன். மூலம், மிக்ஸமோ பெயரிடல் கொண்ட, 180 செ.மீ. உயரமுள்ள வயதுவந்த உருவத்தின் நடைக் கிளிப். அதன் ரெஸ்ட் போஸ் கைகளைப் பக்கவாட்டில் கிடையாக நீட்டிய டி-போஸ். இலக்கு, 120 செ.மீ. உயரமும் பெரிய தலையும் குட்டைக் கால்களும் கொண்ட ஒரு குழந்தைப் பாத்திரம். அதன் கைகள் கிடைநிலையிலிருந்து 45 பாகை கீழிறங்கிய ஏ-போஸில் உள்ளன. வேலை பிளெண்டரில் நடக்கிறது. கணக்குகள் எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

அறிகுறி: உருவம் முழுவதுமோ ஓர் உறுப்பு மட்டுமோ அசையவே இல்லை

கிளிப்பின் ஒவ்வொரு வளைகோடும் தனக்குரிய எலும்பைப் பெயரால்தான் தேடுகிறது. பிளெண்டரில் அந்த முகவரி `pose.bones["mixamorig:LeftUpLeg"].rotation_quaternion` என்பது போல இருக்கும். அந்தப் பெயரில் எலும்பு இல்லாவிட்டால் அந்த வளைகோடு எந்த அசைவையும் தராமல் அப்படியே கிடக்கும். எனவே பெயர்களை இணைத்து ஓர் அட்டவணை எழுதியதும், முதல் வேலையாக அதைச் சோதித்துவிட வேண்டும்.

```python
pairs = {
    "mixamorig:Hips": "pelvis",
    "mixamorig:Spine": "belly",
    "mixamorig:Spine2": "chest",
    "mixamorig:LeftUpLeg": "thigh.L",
    "mixamorig:LeftLeg": "shin.L",
}
for s, t in pairs.items():
    if s not in src.pose.bones or t not in tgt.pose.bones:
        print("missing:", s, t)
```

இங்கே இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். முதலாவது முன்னொட்டு: சில கோப்புகளில் அது `mixamorig:` என்றும் வேறு சிலவற்றில் `mixamorig1:` என எண்ணோடும் வருகிறது. அதனால் நேற்று வேலை செய்த அட்டவணை இன்று புதிய கிளிப்பில் ஒன்றையும் கண்டுபிடிக்காமல் போகலாம். இரண்டாவது பெயரின் பொருள்: `LeftLeg` என்பது முழுக் காலையன்று, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைக் குறிக்கிறது, `LeftArm` என்பது மேற்கை, `LeftShoulder` என்பது காறை எலும்பு. பெயரின் ஒலியை மட்டும் பார்த்து `LeftShoulder` எலும்பை இலக்கின் மேற்கையோடு இணைத்துவிட்டால், கை அசையும், ஆனால் மிகக் குறைவாகவே அசையும். அதைப் பார்ப்பவர் விகிதப் பிழை என்று தவறாக நினைத்துவிடுவார்.

பெயர்கள் எல்லாம் சரியாக இருந்து, கீகளும் பதிவாகி, எலும்பு மட்டும் அசையாமல் இருந்தால், அதன் சுழற்சி முறையைப் பாருங்கள். இலக்கு எலும்பின் `rotation_mode` `XYZ` என்றிருக்கும்போது குவாட்டர்னியனில் எழுதிய கீகளை அது பொருட்படுத்தாது. மாற்றத்துக்கு முன்பே இலக்கின் எல்லா எலும்புகளையும் `QUATERNION` முறைக்குக் கொண்டுவருவது நல்லது.

முதுகில் மூலத்துக்கு மூன்று எலும்புகளும் நம் இலக்குக்கு இரண்டும் உள்ளன. மேலே உள்ள அட்டவணையில் நடு எலும்பான `Spine1` விடுபட்டிருப்பது கவனக்குறைவால் அன்று. சுழற்சிகளை உலக வெளியில் அளந்து மாற்றும்போது, `Spine2` எந்தத் திசையை நோக்குகிறதோ அதற்குள் அதன் முன்னோர் எலும்புகளின் சுழற்சி அனைத்தும் ஏற்கெனவே அடங்கியிருக்கும். ஆகவே நடு எலும்பை விட்டாலும் மார்பு சரியான திசையில்தான் நிற்கும். தாய் எலும்பைச் சார்ந்த உள்ளூர்ச் சுழற்சியை நகலெடுப்பவருக்கு இந்த வசதி இல்லை. நடு எலும்பின் வளைவு அப்படியே தொலைந்துபோய், உருவம் மூலத்தைவிட விறைப்பாக நிற்கும்.

அறிகுறி: முழங்கால் பக்கவாட்டில் மடிகிறது, முன்கை முறுக்கிக்கொள்கிறது, அல்லது உருவம் மல்லாந்து கிடக்கிறது

ஓர் எலும்பின் உள்ளூர் அச்சுகள் எந்தப் பக்கம் நோக்குகின்றன என்பதை அந்த ரிக்கை அமைத்தவர்தான் முடிவு செய்கிறார். மூலத்தில் முழங்கால் மடிவது உள்ளூர் எக்ஸ் அச்சைச் சுற்றியும், இலக்கில் அதே மடிப்பு இசட் அச்சைச் சுற்றியும் அமைந்திருக்கலாம். அப்படியிருக்க எண்களை அப்படியே நகலெடுத்தால் முழங்கால் பக்கவாட்டில்தான் மடியும். இதற்கு எலும்புகளின் ரோல் மதிப்பை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது முடிவில்லாத வேலை. இரண்டு உருவங்களும் ஒரே தோற்றத்தில் நிற்கும் ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, அந்த நிலையிலிருந்து மூலம் உலக வெளியில் எவ்வளவு சுழன்றது என்று கண்டு, அந்த வேறுபாட்டை மட்டும் இலக்கின் மேல் ஏற்றுவதே உறுதியான வழி. அந்த நிலையை இங்கே ஒப்பு நிலை என்று அழைக்கிறேன்.

```python
def world_rot(obj, pb):
    return (obj.matrix_world @ pb.matrix).to_quaternion()

# src_ref, tgt_ref: ஒப்பு நிலையில் பதிந்தவை
wanted = world_rot(src, s_pb) @ src_ref.inverted() @ tgt_ref
```

இந்த ஒற்றை வரியில் இலக்கு எலும்பின் சொந்த அச்சுகள் `tgt_ref` என்பதற்குள் பத்திரமாக இருப்பதால், ரோல் வேறுபாடு தானாக நீங்கிவிடுகிறது. `matrix_world` என்பதை விட்டுவிடக் கூடாது. எஃப்பிஎக்ஸ் கோப்பாக வந்த மிக்ஸமோ எலும்புக்கூடு பிளெண்டரில் பெரும்பாலும் எக்ஸ் அச்சில் 90 பாகை திரும்பியும் 0.01 அளவுக்குச் சுருங்கியும் நிற்கும். அதன் உள்ளே ஒய் அச்சே மேல்திசை, நீளங்கள் சென்டிமீட்டரில். அந்த அடுக்கைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உருவம் மல்லாந்து கிடக்கும். இடுப்பின் 3 செ.மீ. அசைவும் 3 மீட்டர் அசைவாகிப் பாத்திரம் காட்சியை விட்டே பறந்துவிடும்.

மூலம் முன்னால் குனியும்போது இலக்கு பின்னால் வளைகிறது, இடக்கையைத் தூக்கும்போது இலக்கின் இடக்கை தாழ்கிறது என்றால், இரண்டு உருவங்களும் எதிரெதிர்த் திசைகளைப் பார்த்து நிற்கின்றன என்று பொருள். ஒன்றின் ஆப்ஜெக்டை 180 பாகை திருப்பி, ஒப்பு நிலையை மீண்டும் பதிந்தால் போதும்.

இவற்றைச் சரிசெய்த பின்னும் இடுப்பு சரியாக இருந்து, மார்பில் சிறிது, முழங்கையில் அதிகம், விரல்களில் மிக அதிகம் எனப் பிழை நுனியை நோக்கி வளர்ந்துகொண்டே போனால், கணக்கிடும் வரிசையில்தான் கோளாறு இருக்கிறது. தாய் எலும்புக்குப் புதிய சுழற்சியைக் கொடுத்தவுடன் `bpy.context.view_layer.update()` அழைக்காமல் பிள்ளை எலும்புக்குச் சென்றால், பிள்ளை தன் தாயின் பழைய நிலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. இடுப்பிலிருந்து தொடங்கி, தாய்க்குப் பின் பிள்ளை என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் பின் புதுப்பித்துச் செல்ல வேண்டும். இது மெதுவாகத்தான் ஓடும். ஒரு கிளிப்புக்கு ஒருமுறை செய்யும் வேலை என்பதால் அந்தத் தாமதத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

அறிகுறி: கைகள் உடலுக்குள் புகுகின்றன, எல்லா ஃபிரேமிலும் ஒரே அளவில்

இங்கே உற்றுப் பார்க்க வேண்டியது பிழையின் அளவைவிட அதன் நிலைத்தன்மையை. 1ஆம் ஃபிரேமிலும் 20ஆம் ஃபிரேமிலும் கை அதே அளவு விலகியிருந்தால் காரணம் ஒப்பு நிலை. அசைவு பெரிதாகும்போது மட்டும் பிழையும் பெரிதானால் காரணம் அச்சோ உடல் விகிதமோ.

நம் எடுத்துக்காட்டில் மூலத்தின் கை நடக்கும்போது தொங்குகிறது. அதாவது கிடையாக இருந்த டி-போஸிலிருந்து ஏறத்தாழ 80 பாகை கீழிறங்கியிருக்கிறது. அந்த 80 பாகையை, ஏற்கெனவே 45 பாகை இறங்கி நிற்கும் ஏ-போஸின் மேல் ஏற்றினால் கை கிடைநிலையிலிருந்து 125 பாகை இறங்கிவிடும். நேர்கீழ் என்பதே 90 பாகை என்பதால், கை 35 பாகை வயிற்றுக்குள் சென்றுவிடுகிறது. மாறாக மூலம் ஏ-போஸிலும் இலக்கு டி-போஸிலும் இருந்தால், கைகள் உடலை விட்டு விலகி நிற்கும்.

இலக்கின் ரெஸ்ட் போஸையே டி-போஸாக மாற்றிவிட வேண்டும் என்று பலர் முடிவு செய்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். `Apply Pose as Rest Pose` கொடுத்தால் எலும்புகள் புதிய நிலைக்குப் போகும், ஆனால் மெஷ் தன் பழைய ஏ-போஸ் வடிவத்துக்கே திரும்பிவிடும். பிறகு தோல் பிணைப்பைத் திருத்துவது தனி வேலையாகும். அதற்குப் பதிலாக, போஸ் முறையில் இலக்கின் கைகளை மூலத்தின் டி-போஸுக்கு ஒப்பாக உயர்த்தி, அந்தத் தோற்றத்தில் `tgt_ref` மதிப்புகளைப் பதிந்துகொண்டால் போதும். ரெஸ்ட் போஸும் மெஷும் தொடப்படாமல் இருக்கும்.

ஒப்பு நிலையை அமைக்கும்போது மேற்கை, முன்கை, தொடை, கணுக்கால் ஆகியவற்றின் திசையை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்து ஒப்பிடுங்கள். உள்ளங்கை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதையும் கட்டாயம் பாருங்கள். மூலத்தில் உள்ளங்கை தரையை நோக்கி, இலக்கில் முன்னால் நோக்கியிருந்தால் முன்கை முழுக் கிளிப்பிலும் 90 பாகை முறுக்கிக்கொண்டே இருக்கும். மூலத்தின் பாதம் நேராகவும் இலக்கின் பாதம் 10 பாகை வெளிப்புறமாகவும் இருந்தால் அதையும் இப்போதே நேராக்க வேண்டும், ஏனெனில் அடுத்து வரும் கால் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அறிகுறி: பாதம் தரையில் வழுக்குகிறது

தோற்றம் சரியாகிவிட்டது, இருந்தும் பாத்திரம் பனியில் சறுக்குவதுபோல் நகர்கிறது. சுழற்சிகளை எவ்வளவு துல்லியமாக மாற்றினாலும் இது போகாது, ஏனெனில் காலின் நீளம் வேறு. இடுப்பின் இடப்பெயர்ச்சி எத்தனை மடங்கு சுருங்க வேண்டும் என்பதே கேள்வி.

பாதம் தரையில் நிற்கும் ஃபிரேம்களில் கணுக்கால் அசையாது. இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரையுள்ள தொலைவைத் தொடையும் கெண்டைக்காலும் சேர்ந்து உருவாக்குகின்றன. கோணங்கள் ஒன்றாக இருக்க இந்த இரண்டின் நீளம் மட்டும் ஒரே மடங்கில் சுருங்கினால், இடுப்பின் நகர்வும் அதே மடங்கில் சுருங்கினால்தான் கணுக்கால் அசையாமல் நிற்கும். ஆகவே விகிதத்தை முழு உயரத்திலிருந்து எடுக்கக் கூடாது. தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் கூட்டு நீளத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

மூலத்தின் தொடை 44 செ.மீ., கெண்டைக்கால் 44 செ.மீ., கூட்டினால் 88. இலக்கின் தொடை 22, கெண்டைக்கால் 26, கூட்டினால் 48. விகிதம் 48 ÷ 88, அதாவது 0.545. மூலம் ஒரு முழு நடைச்சுற்றில் 140 செ.மீ. முன்னேறுகிறது என்றால் இலக்கு 76.4 செ.மீ. முன்னேற வேண்டும். முழு உயர விகிதமான 120 ÷ 180, அதாவது 0.667 என்பதைப் பயன்படுத்தியவருக்கு 93.3 செ.மீ. கிடைக்கும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17 செ.மீ., ஒவ்வோர் அடிக்கும் எட்டரை செ.மீ. வழுக்கல். பெரிய தலை கொண்ட பாத்திரங்களில் இந்தத் தவறு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், தலையின் உயரம் நடைக்கு எதையும் சேர்க்காமல் விகிதத்தை மட்டும் உயர்த்திவிடுவதே.

```python
k = 48.0 / 88.0
tgt_pos = tgt_hip_ref + k * (src_pos - src_hip_ref)
```

இந்த நிலைகள் அனைத்தும் உலக வெளியில், மீட்டரில் அளந்தவையாக இருக்க வேண்டும். மேலும் கீழுமான அசைவும் இதே மடங்கில் சுருங்குவதால், மூலத்தின் இடுப்பு 4 செ.மீ. ஏறி இறங்கினால் இலக்கின் இடுப்பு 2.2 செ.மீ. ஏறி இறங்கும். முழுக் கிளிப்பிலும் பாத்திரம் மாறாத ஓர் அளவில் மிதந்தால் அல்லது புதைந்தால், ஒப்பு நிலையில் ஒன்றின் முழங்கால் சற்று மடிந்திருந்ததா என்று பாருங்கள். இரண்டின் கால்களும் ஒரே அளவு நீட்டப்பட்டிருக்கும்போதுதான் `tgt_hip_ref` சரியான உயரத்தைத் தரும்.

சரியாகிவிட்டதா என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். பாதம் முழுமையாகத் தரையில் படிந்திருக்கும் ஃபிரேம்களில் கணுக்காலின் உலக நிலையை அச்சிட்டுப் பாருங்கள். கிடைத்தளத்தில் அது அரை சென்டிமீட்டருக்குள் நின்றால் நடைக்குப் போதும். குதிகால் எழும்பிப் பாதம் விரல்களின் மேல் உருளும் ஃபிரேம்களை இந்தச் சோதனையில் சேர்க்கக் கூடாது. அங்கே கணுக்கால் உண்மையிலேயே நகர்கிறது. அந்த நகர்வைக் கால் நீளம் தீர்மானிப்பதில்லை, பாதத்தின் நீளமே தீர்மானிக்கிறது.

அறிகுறி: நடையில் சரி, குந்தும்போது இரு பாதங்களும் பின்னால் நழுவுகின்றன

இதைத்தான் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விகிதத்தை 0.55, 0.56 என்று மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகாமல் சலித்துப்போகிறார்கள். காரணம் கால்களின் கூட்டு நீளத்தில் இல்லை, அது பிரிந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

மூலத்தில் தொடையும் கெண்டைக்காலும் சமம். இலக்கும் அவ்வாறே இருந்திருந்தால் 24, 24 என்று இருந்திருக்கும். ஆனால் தொடை 2 செ.மீ. குறைவு, கெண்டைக்கால் 2 செ.மீ. அதிகம். கால் நேராக இருக்கும்போது இவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். முழங்கால் θ பாகை மடியும்போது கணுக்கால் விலகும் அளவு இது:

```
2 × 2 செ.மீ. × sin(θ / 2)
```

நடையில் பாதம் தரையில் இருக்கும்போது முழங்கால் 20 பாகை மடிந்தால் விலகல் 0.7 செ.மீ.; யாரும் கவனிக்க மாட்டார்கள். குந்தும்போது 90 பாகை மடிந்தால் அது 2.8 செ.மீ. ஆகிறது. தொடை குட்டையாகவும் கெண்டைக்கால் நீளமாகவும் இருப்பதால் விலகல் பின்னோக்கி நிகழ்கிறது. விகிதம் எதுவாக இருந்தாலும் இது மடிப்பின் கோணத்தைப் பொறுத்து மாறுவதால், ஒற்றை எண்ணால் இதைத் தீர்க்க முடியாது.

தீர்வு, கணுக்காலுக்கு ஓர் இலக்குப் புள்ளியைக் கொடுத்து, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் ஐகே போடுவது. அந்தப் புள்ளியை உலகின் மையத்திலிருந்து அளக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து அளக்க வேண்டும்: மூலத்தில் இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் எங்கே இருக்கிறதோ, அதை `k` மடங்கு சுருக்கி, இலக்கின் இடுப்பு மூட்டோடு கூட்டுங்கள். உலகின் மையத்திலிருந்து சுருக்கினால், நம் குழந்தைப் பாத்திரத்தின் அகன்ற இடுப்புக்குக் கீழே பாதங்கள் மட்டும் நெருங்கிவந்து, தொடைகள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். மூட்டிலிருந்து சுருக்கும்போது இன்னொரு நன்மையும் உண்டு. மூலத்தில் கால் தன் முழு நீளத்தைத் தாண்டி நீள முடியாதாகையால், இலக்கிலும் புள்ளி ஒருபோதும் எட்டாத் தொலைவில் விழாது. ஐகே போட்டபின் முழங்கால் திடீரென்று நேராகி வெட்டுவது, புள்ளி எட்டாத் தொலைவுக்குப் போகும்போது நிகழ்வதுதான். முழங்கால் எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதை மூலத்தின் முழங்கால் திசையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் சுழற்சியோ முன்பு கணக்கிட்ட `wanted` மதிப்பிலேயே இருக்கட்டும்.

இடுப்பு பக்கவாட்டில் திரும்பும்போது, அகன்ற மூட்டுகளால் சில மில்லிமீட்டர் நழுவல் இன்னும் எஞ்சும். பாதம் படிந்த முதல் ஃபிரேமின் புள்ளியை அந்தத் தொடர்பு முடியும் வரை நிறுத்திவைத்து, அடுத்த நான்கைந்து ஃபிரேம்களில் மெல்ல விடுவித்தால் அதுவும் மறையும். ஆனால் அப்போது புள்ளி மூட்டோடு சேர்ந்து நகராததால், மேலே சொன்ன எட்டும் தொலைவின் உறுதி இங்கே இல்லை. இடுப்பு மூட்டிலிருந்து புள்ளிக்குள்ள தொலைவு 48 செ.மீ.க்கு மேல் போகும் ஃபிரேம்களில் இடுப்பைச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஒரே ஃபிரேமில் எலும்பு ஒரு சுற்றுச் சுழன்று வருகிறது

ஒரே சுழற்சியைக் குறிக்கும் குவாட்டர்னியன்கள் இரண்டு உண்டு, ஒன்று மற்றொன்றின் எதிர்மறை. அடுத்தடுத்த இரண்டு கீகள் எதிரெதிர்க் குறியில் அமைந்தால், இடைப்பட்ட மதிப்புகள் நீண்ட வழியில் சுற்றிவரும். ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ இருக்கும்போது இது ஒளிந்திருக்கும். கீகளைக் குறைத்த பிறகோ மோஷன் பிளர் போட்ட பிறகோதான் வெளிப்படும். கீ எழுதும் முன் முந்தைய கீயோடு `dot` பெருக்கலைப் பார்த்து, அது எதிர்மறையானால் புதியதன் குறியை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: கைதட்டும்போது உள்ளங்கைகள் தொடவில்லை

மேலே சொன்ன எதனாலும் இது தீராது, தீர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. சுழற்சிகளை மாற்றும் முறை தோற்றத்தைக் காப்பாற்றுமே தவிர, தொடுதலைக் காப்பாற்றாது. தோள் அகலத்துக்கும் கை நீளத்துக்கும் உள்ள விகிதம் இரு உருவங்களிலும் வேறாக இருக்கும்போது, அதே கோணங்களில் கைகள் வேறிடத்தில்தான் சந்திக்கும். அல்லது ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். கால்களுக்குச் செய்ததை இங்கே அப்படியே செய்வதும் தவறு, ஏனெனில் தோளிலிருந்து அளந்த புள்ளி அந்தத் தொடுதலை அறியாது. தொடும் ஃபிரேம்களில் மட்டும், இரு கைகளின் நடுப்புள்ளியை இலக்கின் மார்பிலிருந்து அளந்து, அதிலிருந்து ஒவ்வோர் உள்ளங்கையையும் அதன் தடிமன் அளவு விலக்கி வைத்து ஐகே கொடுங்கள். மற்ற ஃபிரேம்களில் ஐகேயின் செல்வாக்கைப் பூச்சியமாக்கி, சுழற்சிகளையே விட்டுவிடுங்கள். கை இடுப்பில் ஊன்றும் அசைவுக்கும் இதே முறைதான், ஆனால் அங்கே புள்ளியை இலக்கின் மெஷ் மேற்பரப்பிலிருந்து எடுக்க வேண்டும், ஏனெனில் குழந்தைப் பாத்திரத்தின் வயிறு எவ்வளவு முன்தள்ளியிருக்கிறது என்பதை எந்த எலும்பும் சொல்வதில்லை.